கேழ்வரகுக்கு நேரே ஒன்றும் இல்லை

என் மனைவிக்கு ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. ஊட்டச்சத்தும் உணவுமுறையும். கடலூர் முதுநகரில் அங்கன்வாடி வேலை பார்த்துக்கொண்டே, சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் பட்டப்படிப்பில் சேர்ந்து, மற்ற எல்லாப் பேப்பரையும் எப்படியோ முடித்துவிட்டாள். இந்த ஒன்று மட்டும் மூன்று தடவை காலை வாரிவிட்டது. நாலாவது தடவைக்கு முன்னால் பழைய பேட்ச் ஆட்களுக்கு ஒரு அறிவிப்பு வந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு, இதிலும் முடிக்காவிட்டால் சேர்ந்ததே ரத்து என்று. பட்டம் கைக்கு வந்தால் மேற்பார்வையாளர் பதவிக்கு மனுப் போடலாம். வராவிட்டால் ஏழு வருஷம் ராத்திரி பகலாகப் படித்த மற்ற பேப்பரெல்லாம் குப்பைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கியது. இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தார்கள். தூரத்தில் இருப்பது தெரியும், ஆள் முகம் தெரியும், பஸ் நம்பர்கூடத் தெரியும். பொடி எழுத்துத்தான் தகராறு. டாக்டரம்மா அனுப்பும்போது ஒன்று சொன்னார். "படிக்கறப்ப நடுவுல நடுவுல எழுத்து காணாமப் போற மாதிரி இருந்தா ஒரு நாள்கூடத் தள்ளாம வந்துடுங்கம்மா." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்டேன், தலையாட்டினேன், மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்து மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை.

பாடப்புத்தகம் அச்சில் இல்லை. நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை யாரோ ஒரு புண்ணியவான் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி, மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். இருநூற்றுத் தொண்ணூறு பக்கம். எல்லாம் படம். நடு மடிப்பில் எழுத்து வளைந்து உள்ளே ஓடும், சில பக்கத்தில் பிடித்தவன் கட்டைவிரலே தெரியும். போனில் திறந்தால் பக்கம் முழுக்க எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். விரலால் பெரிதாக்கினால் ஒரு வரியில் மூன்று சொல்தான் தெரியும். வரி முடிவுவரை இடமிருந்து வலமாகத் தள்ளி, மறுபடி இடது பக்கம் இழுத்து, அடுத்த வரியைத் தேட வேண்டும். அவள் பத்து நிமிஷத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொள்வாள்.

"எழுத்து பெருசாகணும், ஆனா வரி அதுவா மடங்கி ஸ்க்ரீனுக்குள்ள வந்து உக்காரணும் மச்சான். செய்திப் பக்கமெல்லாம் அப்படித்தானே வருது. அந்த மாதிரி பண்ண முடியாதா?" என்றாள்.

முடியாதா என்று என்னிடமா கேட்பது? எனக்குச் சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டி.டி.பி. வேலை. கல்யாணப் பத்திரிகை, ஆய்வேடு, கண்ணீர் அஞ்சலி என்று இருபத்திரண்டு வருஷமாகத் தமிழ் எழுத்தை மேய்த்துக்கொண்டிருக்கிறவன். "இதெல்லாம் நமக்கு ஜுஜுபி. ஒரு வாரத்துல உன் போன்ல இ-புக்கா இருக்கும், பாத்துக்க" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். இன்று நினைத்தால் அந்தக் காலரைப் பிடித்தே என்னை நாலு அறை அறையத் தோன்றுகிறது.

வேலை இதுதான். முதலில் ஒவ்வொரு பக்கப் படத்தையும் நிமிர்த்தி, ஓரத்தை வெட்டி, படத்தில் இருக்கும் எழுத்தைக் கண்டுபிடித்து டைப் செய்த எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருளுக்குள் விட வேண்டும். ஓ.சி.ஆர். என்போம். அது கக்கிய எழுத்தைத் திருத்த வேண்டும். துணைக்காலை ரகரமாகப் போட்டிருக்கும், புள்ளிகளை விழுங்கியிருக்கும். திருத்தியதை இ-புக்காக மாற்றிப் போனில் ஏற்றினால், படிப்பவர் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானாக மடிந்துகொள்ளும். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் கூட்டமில்லாத பொழுதிலும் கடை சிஸ்டத்தில் உட்கார்ந்து செய்தேன். காலையும் மாலையும் ரயிலில் போனிலேயே திருத்தினேன்.

இதில் ஒரு தொல்லை உண்டு. புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே பக்க எண் இருக்கிறது. இ-புக்கில் பக்கம் என்ற ஒன்றே கிடையாது. அதனால் வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும்போது நட்டநடுவில் 147 என்று ஒரு எண் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். இருநூற்றுத் தொண்ணூறு இடத்தில் போய்க் கையால் அழிக்க நானென்ன கூலிக்காரனா? 'எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லாத வரி எங்கே இருந்தாலும் அதை வெறுமையாக்கு' என்று தேடல் பெட்டியில் ஒரு கட்டளை எழுதி, எல்லாவற்றையும் மாற்று என்று ஒரே தட்டு. எத்தனை இடத்தில் மாற்றினேன் என்று மென்பொருள் ஒரு கணக்குச் சொன்னது. ஆயிரத்துச் சொச்சம். சரி என்பதை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். இருநூற்றுத் தொண்ணூறு பக்கப் புத்தகத்தில் ஆயிரத்துச் சொச்சம் பக்க எண் எங்கிருந்துடா வந்தது என்று கேட்க ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. அந்த டீ ரொம்ப நன்றாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வாரம் என்று சொன்னது இரண்டு வாரமானது. முதல் இ-புக்கை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். என் மானிட்டரில் அச்சுப் புத்தகம் மாதிரியே அழகாக இருந்தது. அவள் எழுத்தைப் பெரிதாக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மச்சான், ஒரு வரி முழுசா வருது, அடுத்த வரில ரெண்டே ரெண்டு வார்த்த வந்து நின்னுடுது. மறுபடி முழுசா, மறுபடி ரெண்டு வார்த்த. படிக்கப் படிக்கப் படியில தடுக்கி விழுற மாதிரி இருக்கு."

அது என் கை செய்த வேலை. எங்கள் தொழிலில் அச்சில் இருக்கிற மாதிரியே வரி வரியாக நிறுத்துவதுதான் சுத்தம். ஓ.சி.ஆர். ஒவ்வொரு வரி முடிவிலும் போட்டுவைத்த, வரியை முறிக்கும் என்டரை நான் பத்திரமாகக் காப்பாற்றியிருந்தேன். காப்பாற்றியது போதாதென்று, விட்டுப்போன இடத்தில் நானே தட்டியும் வைத்தேன். காகிதத்தில் அது அழகு. போனில் எழுத்து பெரிதானதும் வரி ஒரு தடவை தானாக மடியும், அடுத்த நொடி என் என்டர் வந்து கழுத்தைப் பிடித்து நிறுத்தும். என்டர் பத்தி முடியும் இடத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷ அனுபவசாலிக்கு அது உறைக்கவில்லை.

தப்பு என்னுடையது என்று புரிந்த மாத்திரத்தில் எனக்குக் கோபம் வந்தது. என் சுபாவம் அது. "பதினஞ்சு நாளா சாப்பாடு தண்ணி இல்லாம உக்காந்து பண்ணிக் குடுத்தா, எடுத்த எடுப்புல குறையா? எதக் குடுத்தாலும் உனக்குக் குறைதான். படிக்க இஷ்டம் இல்லன்னா நேராச் சொல்லு, என் தாலிய அறுக்காத!" என்று கத்தினேன். ஆம்பளை பேசுகிற பேச்சா அது? அவள் போனை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கத்தினாலும் வேலையைச் செய்தேன். பத்தி பத்தியாக மவுஸால் தேர்ந்தெடுத்து உள்ளே இருந்த என்டர்களை எடுத்து வரிகளைச் சேர்த்தேன். அட்டவணை வந்தால் மட்டும் தொடாமல் தாண்டிப்போனேன். ஓ.சி.ஆர். அட்டவணைகளைக் கட்டம் கட்டமாகத் தராது. உணவின் பெயர் ஒரு வரி, அடுத்த எண் ஒரு வரி, அதற்கடுத்த எண் ஒரு வரி என்று செங்கல் அடுக்கியதுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்டிவைத்திருந்தது. நடுவில் அங்கங்கே வெற்று வரி தெரிந்ததா என்றால், தெரிந்திருக்கும். டேபிள் என்றால் இடைவெளி இருக்கும்தானே என்று நினைத்திருப்பேன். அல்லது ஒன்றுமே நினைத்திருக்க மாட்டேன்.

இரண்டாவது இ-புக்கைக் கொடுத்தபோது அவள் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மச்சான். வரியெல்லாம் சரியா வருது" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம், ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு மாதத்தில் அவள் மெலிந்தாள். காலையில் தொழுதுவிட்டு முற்றத்தில் போனோடு உட்காருவாள். முகத்துக்கு நேரே கொண்டுபோவாள், தள்ளிப் பிடிப்பாள், ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பாள், பிறகு மற்றக் கண்ணை. நான் சட்டை மாட்டிக்கொண்டே பார்ப்பேன். "என்னா, எழுத்து இன்னும் பெருசாக்கணுமா?" என்று கேட்டால், "வேணாம், சரியாத்தான் இருக்கு" என்பாள். தேர்வு விண்ணப்பத்தை நான் பல்கலைக்கழக ஆபீசில் கொடுத்துவிடுகிறேன், கடையிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம் என்று இரண்டு தடவை கேட்டேன். தானே தபாலில் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். ரயிலுக்கு நேரமாகியிருக்கும். ஓடியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். மீன் வாங்கி வந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் கையில் போன். என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"மச்சான், கேழ்வரகுல கால்சியம் எத்தனன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"அதான் கையிலயே வச்சிருக்கியே."

"நீங்க பாத்துச் சொல்லுங்க."

அலுத்துக்கொண்டேதான் வாங்கினேன். அவள் அளவுக்குப் பெரிதாக்கிய எழுத்து. திரையில் ஏழெட்டு வரிதான் தெரிந்தது. கேழ்வரகு என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வெற்று வரி. பிறகு 7.3. பிறகு 1.3. மறுபடி ஒரு வெற்று வரி. பிறகு 3.9.

"இங்க ஒண்ணும் இல்லியேம்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "உங்களுக்கும் தெரியலியா?"

"இருந்தாத்தானே தெரியும். காலியா இருக்கு."

"நெஜமாவா? அல்லாஹ் மேல சத்தியமாச் சொல்லுங்க. காலியாவா இருக்கு?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பயந்து தண்ணீர் எடுத்து வந்தேன். வாங்கிக் குடித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

"புள்ளி வச்ச நம்பர் தெரியுது. முழு நம்பர் மட்டும் தெரியல. ஒரு டேபிள் இல்ல, எல்லா டேபிள்லயும். அந்த டாக்டரம்மா சொன்னாங்கல்ல, நடுவுல நடுவுல காணாமப் போனா வந்துடுங்கன்னு. அதான் வந்துடுச்சுன்னு நெனச்சேன். கண்ணு போகுது, மொதல்ல நம்பர் போகுது, அடுத்து எழுத்து போகும், அப்புறம் உங்க மூஞ்சி போகும்னு ஒரு மாசமா நாள எண்ணிக்கிட்டு இருக்கேன் மச்சான்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே! எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஆமான்னு சொல்லிடுவாங்கன்னு பயம். உங்ககிட்டச் சொன்னா குறை சொல்றேன்னு கத்துவீங்க." "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ இந்த போன வாங்கி நீங்க படிச்சுப் பாத்திருந்தா போதும்."

ஆயிரத்துச் சொச்சம் என்ற அந்தக் கணக்கு அப்போதுதான் மண்டையில் இறங்கியது. எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லாத வரி. பக்க எண்ணும் அப்படித்தான் இருந்தது, கேழ்வரகின் கால்சியமும் அப்படித்தான் இருந்தது. 7.3 என்பதில் புள்ளி இருந்ததால் தப்பித்தது. 344 என்பதில் புள்ளி இல்லை, செத்தது. எண்ணை அழித்துவிட்டு வரியை மட்டும் வெறுமையாக விட்டுவைத்திருந்தது என் கட்டளை. அந்த வெற்று வரியில்தான் என் மனைவி ஒரு மாதமாகத் தன் கண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். பழைய ஸ்கேனைத் திறந்து காட்டினேன். எறும்பு மாதிரி எழுத்தில், இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கியதும், 344 அங்கே கல்லுமாதிரி இருந்தது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சரி, விடு. யா அல்லாஹ், கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, அதுவே பெரிசு. இன்னிக்கே உக்காந்து எல்லா நம்பரையும் ஏத்திடறேன். பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம் முழுசா இருக்கு. பிச்சு உதறிடலாம்" என்றேன். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அவள் எழுந்துபோய் அலமாரியில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். தேர்வு விண்ணப்பம். எல்லாக் கட்டமும் நிரப்பி, போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு வைத்திருந்தது. அனுப்பவில்லை.

"தெரியாத கண்ண வச்சுக்கிட்டு ஹால்ல போய் உக்காந்து அசிங்கப்படணுமான்னு நெனச்சேன். கடைசித் தேதி வியாழக்கிழமையோட முடிஞ்சிடுச்சு மச்சான்."

நான் கத்தவில்லை. கத்த என்ன இருக்கிறது எனக்கு? அன்று பூரா உட்கார்ந்து அட்டவணைகளைச் சரிசெய்தேன். அவள் போனில் ஸ்கேன், என் போனில் ஃபைல். போனில் அகல அட்டவணை நிற்காது என்பதால் ஒவ்வொரு உணவின் பெயரையும் தலைப்பாக வைத்து, அதற்குக் கீழே கால்சியம் இத்தனை மில்லிகிராம், இரும்பு இத்தனை மில்லிகிராம் என்று ஒரு சத்துக்கு ஒரு வரியாக எழுதினேன். சாமை, தினை, கம்பு, முருங்கைக்கீரை. ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னேன். எதற்கு இதைச் செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மீன் அப்படியே கெட்டுப்போனது.

திங்கட்கிழமை காலையில் கடைக்குப் போகாமல் அந்தக் கவரோடு ஆபீஸ் கவுண்டரில் போய் நின்றேன். உள்ளே இருந்தவர் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். நான் முதலிலிருந்து சொன்னேன். ஸ்கேன், இ-புக், பக்க எண், கண். பாதியில் அழுதுவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"புரியுது பாய். ஆனா வெள்ளிக்கிழம காலைலயே ஆன்லைன்ல குளோஸ் ஆயிடுச்சு. ஹால் டிக்கெட் லிஸ்ட்டும் போயிடுச்சு. நான் இத வாங்கி வச்சுக்கிட்டா, அது சும்மா பேப்பரா இங்க கெடக்கும், அவ்ளோதான்."

"அடுத்த தடவ?"

"அடுத்த தடவ இல்லன்னுதானே பாய் நோட்டீஸே போட்டிருக்கு."

மேலதிகாரியைப் பார்த்தேன். அவரும் அதையேதான் சொன்னார், இங்கிலீஷில். டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் தந்தாலும், அதை வைத்து நான் எதைக் கேட்பது? வெளியே வந்து வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் நின்றேன். ரயில் ஏறாமல் அப்படியே எங்காவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் மூன்று மணி. அங்கன்வாடி முடிந்து அவள் வந்திருந்தாள். காலையில் நான் புதிதாக ஏற்றிவைத்த இ-புக்கைத் திறந்து, முருங்கைக்கீரைக்குக் கீழே விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

அவர்கள் வாங்க மறுத்த கவரை அவள் கையில் கொடுத்தேன். அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லா நம்பரும் தெரியுது மச்சான். ஒண்ணுகூட விட்டுப்போகல" என்றாள்.

நான் எதிரில் உட்கார்ந்தேன். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் போனை அணைத்தாள். "கண்ணு போகல, அது போதும்னு சொல்லணும்னுதான் காலைலேர்ந்து நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "வாய் வர மாட்டேங்குது மச்சான்."